முன்னோக்கா பின்னோக்கா: உளவியல் தேர்வில் மறதிக் கேள்விக்கு விடை எழுதும் வழி

பாயான் பாருவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பேர் உளவியல் படிக்க வருவார்கள். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் சிலர், தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிப்பவர்கள் சிலர். எல்லாருக்குமே நினைவும் மறதியும் பிடித்த பாடம். கதை போல இருக்கிறது, படித்தவுடன் புரிகிறது. ஆனால் பயிற்சித் தாளைத் திருத்தும்போது புள்ளி குறைவதும் பெரும்பாலும் இங்கேதான்.

காரணம் கேள்வியின் வடிவம். "மறத்தலின் காரணங்களை விளக்குக" என்று நேராகக் கேட்டால் பிரச்சினை இல்லை. இப்போதெல்லாம் ஒரு சின்னச் சம்பவத்தைக் கொடுத்துவிட்டு, "இவர் ஏன் மறந்தார்?" என்று கேட்கிறார்கள். உடனே நம் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களையும் வரிசையாகக் கொட்டிவிடுவார்கள். கேள்வி கேட்டது ஒரு காரணத்தை. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், நினைவின் படிநிலை என்றால் எது?

இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாட நூல்கள் இரண்டு வேறு விஷயங்களுக்கு இதே சொல்லைப் பயன்படுத்துகின்றன. ஒன்று, நினைவு என்ற வேலை நடக்கும் வரிசை: பதித்தல், சேமித்தல், மீட்டெடுத்தல். இன்னொன்று, தகவல் தங்கிச் செல்லும் இடங்கள்: புலன் நினைவு, குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு. இரண்டாவதை 1968இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் ஒரு மாதிரியாக வரைந்து காட்டினார்கள்.

கேள்வியில் "செயல்முறை" என்ற சொல் இருந்தால் முதல் வரிசையை எழுதுங்கள். "கிடங்கு", "மாதிரி", "கொள்ளளவு", "எவ்வளவு நேரம் தங்கும்" என்று வந்தால் இரண்டாவது. மறதிக் கேள்விக்கு உதவுவது முதல் வரிசை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மூன்று இடங்களையும் பார்த்துவிடுவோம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அடுப்படியிலிருந்து அம்மா ஏதோ கேட்கிறார். "என்னம்மா?" என்கிறீர்கள். அவர் திரும்பச் சொல்வதற்குள் உங்களுக்கே விளங்கிவிடுகிறது: "மீ கோரெங் வேணுமா" என்று கேட்டிருக்கிறார். கவனிக்காத ஒலிகூட இரண்டு மூன்று வினாடி காதில் தேங்கி நின்றதால்தான் அது முடிந்தது. இதுதான் புலன் நினைவு. கண்ணில் படுவது இன்னும் சீக்கிரம், ஒரு வினாடிக்குள் போய்விடும். (புலனத்தில் வந்த செய்தியை நினைவு வைத்திருப்பதுதான் புலன் நினைவா என்று ஒரு மாணவி உண்மையாகவே கேட்டார். நம் ஊரில் வாட்சாப்பைப் புலனம் என்று சொல்லப் போய் வந்த வினை. இல்லை, இது ஐம்புலன்களின் புலன்.)

கவனம் வைத்தால் அது குறுகிய கால நினைவுக்குப் போகும். வங்கியிலிருந்து வரும் டிஏசி எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு இலக்கம். கைப்பேசியில் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே கணினியில் தட்டுகிறீர்கள். நடுவில் தம்பி வந்து "அக்கா, ரொட்டி சானாய் எத்தனை வாங்க?" என்று கேட்டால் போச்சு, எண் காணாமல் போய்விடும். மனத்துக்குள் திரும்பச் சொல்ல விடாமல் தடுத்தால் என்ன ஆகும் என்று 1959இல் பீட்டர்சன் தம்பதியர் சோதித்தார்கள். மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்துவிட்டு, ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். 18 வினாடி கழித்துக் கேட்டபோது சரியாகச் சொல்லப்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தம்பி செய்ததும் அதையேதான்.

குறுகிய கால நினைவின் கொள்ளளவு ஏழு, கூடக் குறைய இரண்டு என்று 1956இல் மில்லர் எழுதினார். அப்படியானால் 12 இலக்கமுள்ள அடையாள அட்டை எண்ணை எப்படிச் சொல்கிறோம்? சொந்த எண் பழகிப்போய் நீண்ட கால நினைவில் இருக்கிறது, அதை விடுங்கள். அடுத்தவர் எண்ணை ஒருமுறை கேட்டே எழுதிவிடுகிறோமே, அது எப்படி? முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. மிச்சம் நான்குதான். 12 துண்டுகள் மூன்று கட்டுகளாகிவிட்டன. மில்லர் சொன்ன எண்ணிக்கை இலக்கங்களுக்கு இல்லை, கட்டுகளுக்கு. இப்படிக் கட்டுகளாக்குவதுதான் தொகுத்தல். அதற்கு உதாரணம் கேட்டால் தயங்காமல் இதை எழுதுங்கள். நூலில் இருப்பதைவிட நன்றாக ஒட்டும்.

நீண்ட கால நினைவுக்கு அளவு எல்லை கண்டறியப்படவில்லை. அதன் வகைகள் தனிக் கேள்வியாக வரும், இங்கே நமக்கு வேண்டாம்.

மூன்று கேள்விகள், இதே வரிசையில்

சம்பவத்தைப் படித்தவுடன் காரணத்தின் பெயரைத் தேடாதீர்கள். முன்பு சொன்ன பதித்தல், சேமித்தல், மீட்டெடுத்தல் வரிசையை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். விஷயம் உள்ளே போனதா? போனது தங்கியதா? தங்கியதை எடுக்க முடிகிறதா? சங்கிலி எங்கே அறுந்தது என்று தெரிந்தால் பெயர் தானாக வந்துவிடும்.

உள்ளே போனதா என்பதற்கு ஒரு சோதனை. பணப்பையைத் திறக்காமல் சொல்லுங்கள்: ஒரு ரிங்கிட் நோட்டின் பின்பக்கம் என்ன படம்? நாளுக்கு எத்தனை முறை கையில் எடுக்கிறோம்! ஆனாலும் என் மேசையில் பாதிப் பேர் விழித்தார்கள். வாவ் புலான் பட்டம். இதை மறந்துவிட்டோம் என்று சொல்வதே தப்பு, ஏனென்றால் அது ஒருபோதும் பதியவில்லை. ஒரு ரிங்கிட்டை அடையாளம் காண நீல நிறமே போதும் என்பதால் மனம் மற்றதை விட்டுவிட்டது. அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தை வைத்து நிக்கர்சனும் ஆடம்சும் 1979இல் இதையே காட்டினார்கள். இது பதிவுக் குறைபாடு. சம்பவத்தில் "கைப்பேசியில் பேசிக்கொண்டே", "வேறு யோசனையில்", "கவனிக்காமல்" போன்ற சொற்கள் இருந்தால் இங்கே நின்றுவிடுங்கள். மேற்கொண்டு போக வேண்டாம்.

உள்ளே போனது, ஆனால் தங்கவில்லை என்றால் சிதைவு. பயன்படுத்தாத நினைவுத் தடம் காலப்போக்கில் மங்குகிறது என்பது கொள்கை. இங்கே எல்லாரும் எபிங்ஹாஸை எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் கொஞ்சம் கவனமாக. 1885இல் அவர் வெளியிட்ட ஆய்வில் சோதிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்தார். அவர் அளந்தது எத்தனை அசை நினைவிருக்கிறது என்பதை அல்ல, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமானது என்பதை.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு பட்டியலை முதல்முறை மனப்பாடம் செய்ய உங்களுக்கு 10 நிமிடம் ஆகிறது. மறுநாள் அதையே திரும்பச் செய்ய 6.6 நிமிடம். மிச்சமானது 3.4 நிமிடம், அதாவது 34 சதவீதம். எபிங்ஹாஸுக்கு ஒரு நாள் கழித்துக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே அளவுதான். 20 நிமிடம் கழித்து 58, ஒரு மாதம் கழித்து 21. முதல் நாளில் சரேலென இறங்கி, அப்புறம் மெதுவாகத் தேய்கிறது. "மனிதன் ஒரே நாளில் 66 சதவீதத்தை மறந்துவிடுகிறான்" என்று எழுதினால் கூர்மையான திருத்துநர் ஒரு புள்ளியைக் குறைக்கலாம். அது மறந்த சொற்களின் விழுக்காடு இல்லை.

சிதைவுக்கு ஒரு பலவீனமும் உண்டு. காலம் ஓடும்போது வெறும் காலம் மட்டுமா ஓடுகிறது? புதிய விஷயங்களும் வந்து சேர்கின்றன. 1924இல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், படித்த பிறகு தூங்கினால் எவ்வளவு நிற்கிறது, விழித்திருந்தால் எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிட்டார்கள். அதே அளவு நேரம் கழிந்தும், தூங்கியபோது நினைவில் நின்றது கூடுதல். காலம் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். மதிப்பீடு கேட்கும் கேள்வியில் இந்த ஒன்றை எழுதினால் போதும்.

எல்லாரும் இடறும் இடம்

ஒரு நினைவு இன்னொன்றின் மேல் மோதுவது குறுக்கீடு. அதில் இரண்டு வகை: முன்னோக்குத் தடை, பின்னோக்குத் தடை. இந்த இரண்டையும் மாற்றி எழுதாத மாணவரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை, தமிழிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. "முன்" என்ற சொல் நமக்கு இரண்டு பக்கமும் பார்க்கிறது. முன்னோர், முன்பு என்றால் கடந்த காலம். முன்னால் போ, முன்னேறு என்றால் எதிரே இருப்பது. "பின்" என்பதும் அப்படியே: பிறகு என்றும் பொருள், முதுகுப் பக்கம் என்றும் பொருள். ஆகவே "முன்னோக்குத் தடை" என்று பார்த்தவுடன் "முன்பு படித்தது மறந்தது" என்று மனம் படித்துக்கொள்கிறது. உண்மை நேர்மாறு. பழையது முன்னோக்கிப் பாய்ந்து புதியதைக் கெடுக்கிறது, அதனால்தான் அது முன்னோக்குத் தடை. புதியது பின்னோக்கிப் பாய்ந்து பழையதைக் கெடுத்தால் பின்னோக்குத் தடை.

பொருள் தேடுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மறந்து போனது எது? புதியது மறந்தால் முன்னோக்கு. பழையது மறந்தால் பின்னோக்கு. மலாய்த் தாளிலோ ஆங்கிலத் தாளிலோ புரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ் என்று வந்தாலும் அதே கணக்கு: புதியது போனால் புரோ, பழையது போனால் ரெட்ரோ.

பினாங்குக்காரர்களுக்கு உதாரணம் சாலையிலேயே கிடக்கிறது. ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. என் பெரியப்பாவிடம் வழி கேட்டால் இன்னமும் "கிரீன் லேன்ல போ" என்றுதான் வரும். புதுப் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை, பலகையைப் பார்த்தால் படிப்பார். பழைய பெயர் முந்திக்கொண்டு வாயில் வந்து நிற்கிறது. மறைவது புதியது, ஆக முன்னோக்குத் தடை. பெரியப்பாவின் பேத்தி சின்ன வயதில் கிரீன் லேன் என்றே கேட்டு வளர்ந்தவள். வெளியூரில் படித்துத் திரும்பி, வரைபடத்தில் உள்ள பெயரையே சில வருடம் புழங்கிய பிறகு, "தாத்தா அந்த ரோட்டுக்கு வேற பேர் சொல்வாரே, என்ன அது?" என்று கேட்கிறாள். மறைவது பழையது, ஆக பின்னோக்குத் தடை. ஒரே சாலை, ஒரே குடும்பம், இரண்டு விடை.

இன்னொரு நிபந்தனையையும் விடக்கூடாது. மோதும் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சாலைப் பெயரோடு சாலைப் பெயர் மோதும், கடவுச்சொல்லோடு கடவுச்சொல் மோதும். நேற்றுச் சாப்பிட்ட நாசி கண்டார் உங்கள் வாகன எண்ணை மறக்கடிக்காது. சம்பவத்தில் ஒத்த இரண்டு விஷயங்கள் இல்லையென்றால் குறுக்கீடு என்று எழுதாதீர்கள்.

உள்ளே இருக்கிறது, கைக்கு வரவில்லை

மூன்றாவது கேள்வி எடுப்பதைப் பற்றியது. ஒரு நடிகரின் முகம் தெரிகிறது, நடித்த படம் தெரிகிறது, பெயர் நுனி நாக்கில் நிற்கிறது. 1966இல் பிரௌனும் மெக்நீலும் அரிய சொற்களின் பொருளை மட்டும் சொல்லிச் சொல்லைக் கேட்டார்கள். நுனி நாக்கில் நிற்கிறது என்றவர்கள், சொல் வராவிட்டாலும் அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பல நேரம் சரியாகச் சொன்னார்கள். இல்லாத ஒன்றின் முதல் எழுத்தை யாரால் சொல்ல முடியும்? ஆக நினைவு இருக்கிறது, குறிப்புதான் இல்லை. இது மீட்டெடுப்புத் தோல்வி.

சில சமயம் இடமே குறிப்பு. 1975இல் காடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். நீருக்கடியில் கேட்ட சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கேட்டவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. வீட்டில் அறையை விட்டு அடுப்படிக்கு வந்து "எதற்கு வந்தேன்?" என்று நின்று, திரும்ப அறைக்குள் போனவுடன் ஞாபகம் வருகிறதே, அதையே இதற்கு உதாரணமாக எழுதலாம். அதே ஆய்வாளர்கள் 1980இல் சொற்களைத் தாமாகச் சொல்ல விடாமல், காட்டி அடையாளம் கேட்டபோது இடத்தின் பாதிப்பு தெரியவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லே குறிப்பாகிவிடுகிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு கருவி கிடைக்கிறது. சம்பவத்தில் பின்னால் ஏதோ ஒரு மணமோ, பாட்டோ, இடமோ வந்து நினைவு திரும்பினால், விடை மீட்டெடுப்புத் தோல்விதான். சிதைந்து போனது திரும்பாது. பதியாததும் வராது.

உந்துதல் சார்ந்த மறதியும் பட்டியலில் உண்டு. வேதனையானதை மனம் தானறியாமல் அழுத்தி வைக்கிறது என்று ஃபிராய்ட் சொன்னது. தானே வேண்டுமென்று ஒதுக்குவது ஃபிராய்ட் சொன்ன இந்த அழுத்தலில் சேராது. இதைச் சோதனையில் நிரூபிப்பது கடினம் என்ற குறையையும் ஒரு வரி எழுதுங்கள். சம்பவத்தில் அச்சமோ அவமானமோ துக்கமோ தெளிவாக இல்லாவிட்டால் இதைத் தொடவேண்டாம்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம்

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கேள்வி இது:

"கவிதா பாயான் பாருவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வீடு மாறி ஒரு வருடம் ஆகிறது. (அ) மாறிய புதிதில், கிராப் ஓட்டுநரிடம் புது வீட்டு எண்ணைச் சொல்ல முயன்றால் பழைய எண்ணே வாயில் வந்தது. (ஆ) இப்போது ஒரு படிவத்தில் பழைய முகவரியின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டார்கள். புதியதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. (இ) எதிர்வீட்டுக் கதவில் என்ன சாமி படம் இருக்கிறது என்று அம்மா கேட்டார். தினமும் தாண்டிப் போகும் கவிதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஈ) பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டியின் பெயர் வரவில்லை. அவர் சமைப்பது போன்ற மீன் கறியின் மணம் சந்தையில் வந்ததும் பெயர் வந்துவிட்டது."

(இ) எளிது. உள்ளே போகவே இல்லை, பதிவுக் குறைபாடு. (ஈ) மணம் குறிப்பாக வந்து பெயரை எடுத்துக் கொடுத்தது, மீட்டெடுப்புத் தோல்வி. இங்கே சிலர் "பல நாள் ஆகிவிட்டதால் சிதைவு" என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் திரும்பி வந்ததைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

(அ)வில் இரண்டு வீட்டு எண்கள், ஒத்தவை. மறைந்தது புதியது. (ஆ)வில் இரண்டு அஞ்சல் குறியீடுகள், மறைந்தது பழையது. நான்கு புள்ளிக் கேள்வியாக இருந்தால் (அ)வுக்கு இப்படி எழுதலாம்: "இது முன்னோக்குத் தடை. முன்பே கற்ற தகவல் புதிதாகக் கற்றதை நினைவுகூர விடாமல் தடுப்பது முன்னோக்குத் தடையாகும். கவிதா பல ஆண்டு பயன்படுத்திய பழைய வீட்டு எண், புதிய எண்ணை மீட்டெடுப்பதில் குறுக்கிடுகிறது. இரண்டுமே வீட்டு எண்கள் என்பதால், அதாவது ஒத்த தகவல்கள் என்பதால், குறுக்கீடு வலுவாக உள்ளது." பெயர் ஒன்று, வரையறை ஒன்று, சம்பவத்திலிருந்து எடுத்த சான்று ஒன்று, ஏன் நடந்தது என்பது ஒன்று. பெரும்பாலும் விடுபடுவது சான்றுதான். வரையறையைப் பத்து வரி எழுதிவிட்டு, கவிதாவின் பெயரையே தொடாத விடைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

கடைசியாக நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒருவர் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறார். ஒவ்வொரு வருடமும் மோட்டாரை ஒரே இடத்தில் நிறுத்துபவர், இந்த முறை இடமில்லாமல் வேறு சந்தில் நிறுத்துகிறார். திரும்பும்போது கால் பழைய இடத்துக்கே போகிறது, புது இடம் நினைவுக்கு வரவில்லை. விடையை எழுதிவிட்டு, சம்பவத்தில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: நிறுத்தும்போது அவர் கைப்பேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், எந்தச் சந்து என்று பார்க்கவே இல்லை. முதல் விடை முன்னோக்குத் தடை. அந்த வரி சேர்ந்தவுடன் பதிவுக் குறைபாடு.